கருப்புக் கையில் பொன் முடி

கைமுடிக்கு ப்ளீச் போடச் சொல்லி வருகிற பெண்ணை நான் முதலில் ஜன்னலோரம் நிற்கவைத்து, கையை வெயிலில் நீட்டச் சொல்வேன். வேலப்பன்சாவடியில் என் பார்லர் முதல் மாடியில், பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. மேற்கு ஜன்னல். மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே விழும். அந்த வெளிச்சத்தில் கையை மெதுவாகத் திருப்பிப் பார்த்தால், தோல் என்ன நிறம், முடி என்ன நிறம், இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பது தெரிந்துவிடும். டியூப் லைட்டின் கீழே அது தெரியாது. அங்கே எல்லாக் கையும் ஒரே மாதிரி மங்கலாக இருக்கும்.

இந்தப் பழக்கம் எனக்கு ஒரு தவற்றிலிருந்து வந்தது. 2007இல் நான் அம்பத்தூரில் ஒரு சின்ன பார்லரில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். எஸ்டேட்டில் தையல் வேலை செய்கிற பெண் ஒருத்தி சனிக்கிழமை சாயங்காலம் வந்தாள். நல்ல கருப்பு, என்னைவிடவும் ஒரு பிடி கூடுதல். கையில் முடி கொஞ்சம் அடர்த்தி. மறுநாள் தங்கைக்கு நிச்சயதார்த்தம். வேக்ஸிங் வலிக்கும் என்று பயந்தாள், ப்ளீச் கேட்டாள். நான் கலக்கிப் போட்டுப் பதினைந்து நிமிடம் வைத்துத் துடைத்தேன். உள்ளே பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது, அவளும் சிரித்துக்கொண்டே போனாள். திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் திரும்பி வந்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. வாசலில் வெயிலில் நின்று கையை நீட்டினாள். கை முழுக்கத் தாமிரக் கம்பி தூவிய மாதிரி முடி மின்னியது. முன்பு பக்கத்தில் வந்து பார்த்தால்தான் தெரிந்த முடி, இப்போது சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. “இதுக்கு முன்னாடி யாரும் என் கைய பாத்ததே இல்லக்கா. நேத்து மண்டபத்துல எல்லாரும் பாத்தாங்க” என்றாள்.

அன்று இரவு என் இடது கையில் அதே ப்ளீச்சை ஒரு விரல் அகலத்துக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் மொட்டைமாடியில் நின்று பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முடியை மறைப்பதற்கு ப்ளீச்சில் தனியாகச் சக்தி எதுவும் இல்லை. அது முடியின் நிறத்தைப் பொன் பக்கம் தள்ளுகிறது, அவ்வளவுதான். தோலும் பொன் பக்கம் இருந்தால் முடி தோலோடு கலந்துவிடும், கண் அதைத் தேடாது. தோல் கருப்பாக இருந்தால், கருப்பு முடிதான் ஏற்கெனவே தோலோடு கலந்திருப்பது. அதைப் போய் வெளுத்தால், மறைந்திருந்ததை நாமே எடுத்து வெளியே காட்டுகிறோம். டப்பாவின் மேல் அச்சடித்திருக்கிற பெண்ணின் கை கோதுமை நிறம். உள்ளே இருக்கிற சீட்டில் எழுதியிருக்கும் நிமிடக் கணக்கும் அந்தக் கைக்கான கணக்குதான்.

ப்ளீச் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டப்பாவில் இரண்டு பொருள் இருக்கும். க்ரீமில் ஹைட்ரஜன் பெராக்சைடு. ஆக்டிவேட்டர் என்று நாங்கள் சொல்கிற வெள்ளைப் பவுடரில் பெரும்பாலும் பெர்சல்பேட் உப்புகள். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் சாதுவாக இருக்கும். கலந்தவுடன் ஆக்சிஜன் வெளிவர ஆரம்பிக்கும். அது முடியின் செதிலைத் தாண்டி உள்ளே போய், அங்கே இருக்கிற மெலனின் நிறமியை உடைக்கும். நம்முடைய முடியில் கருப்பு நிறமி ஏராளம். கூடவே கொஞ்சம் சிவப்பு மஞ்சள் நிறமியும் உண்டு. கருப்பு முதலில் உடையும், சிவப்பும் மஞ்சளும் பிடிவாதமாக நிற்கும். அதனால் கருப்பு முடி நேராக வெளுப்பாக மாறுவதே இல்லை. கரும்பழுப்பு, செம்பழுப்பு, தாமிரம், ஆரஞ்சு, பொன், வெளிர்மஞ்சள் என்று படிப்படியாகத்தான் இறங்கும். கைமுடி கொஞ்சம் தடிமனாக இருந்தால் டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் அது ஆரஞ்சில்தான் வந்து நிற்கும். இன்னொரு தரம் போட்டால் பொன்னுக்கு வரும். ஆனால் அதற்குள் தோல் தாங்காது.

தோல் தாங்கவில்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கருப்புத் தோலில் வேலை செய்கிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்தது, “சிவந்தால் உடனே எடுத்துவிடு” என்று. கருப்புத் தோல் அப்படிச் சிவந்து காட்டாது. உள்ளே எரிச்சல் இருந்தாலும் மேலே கொஞ்சம் ஊதா கலந்த பழுப்பாக, இன்னும் ஒரு சாயல் கருப்பாகத்தான் தெரியும். அவசரத்தில் அது கண்ணில் படாது. எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிற தோல் மருத்துவர் அம்மா ஒருவர் த்ரெட்டிங்குக்கு என்னிடம் வருவார். அவர் ஒருநாள் சொன்னார், தோலை ஆறு வகையாகப் பிரிக்கிற ஃபிட்ஸ்பேட்ரிக் அளவை 1975இல் தொடங்கியபோது அது வெள்ளைத் தோலுக்கு மட்டுமே இருந்தது, பழுப்பும் கருப்பும் ஐந்து, ஆறு என்று பிறகுதான் சேர்த்தார்கள் என்று. எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் பாடப் புத்தகமும் அப்படித்தானே இருந்தது.

அதனால் நான் கண்ணை நம்புவதில்லை, கையை நம்புகிறேன். என் விரல்களின் பின்பக்கத்தை அவர்கள் கையில் வைத்துப் பார்ப்பேன். ப்ளீச் போட்ட இடம் பக்கத்து இடத்தைவிடச் சூடாக இருந்தால் தோல் சண்டை போட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தடவினால் மணல்மாதிரி சிறு பொடிப்பு தட்டினாலும் அதே அர்த்தம்தான். அடுத்தது கேள்வி. “எரியுதா?” என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள், சொன்னால் எடுத்துவிடுவேனோ என்று. அதனால் “கூசுதா, குத்துதா, சூடா இருக்கா?” என்று கேட்பேன். கூசுவது பரவாயில்லை. குத்துகிறது, சூடாக இருக்கிறது என்றால் அந்த நொடியே ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, பச்சைத்தண்ணீர் ஊற்றுவேன். அதற்கு மேல் விட்டால் என்ன ஆகும் என்பது அன்று தெரியாது, சில நாள் கழித்துத்தான் தெரியும். கருப்புத் தோலில் புண்ணும் எரிச்சலும் ஆறிய பிறகு பெரும்பாலும் ஒரு கரும்படையை விட்டுவிட்டுத்தான் போகும். எரிச்சல் பட்ட இடத்தில் நிறமி செய்கிற செல்கள் விழித்துக்கொண்டு கூடுதலாக நிறமியைக் கொட்டிவிடும். அந்தப் படை மங்க மாதக்கணக்கு ஆகும். முடி மூன்று வாரத்தில் வளர்ந்துவிடும், படை அடுத்த தீபாவளிவரைகூட இருக்கும். கருப்புக் கைக்காரிக்கு முடியைவிடப் படைதான் பெரிய செலவு.

போன தை மாதக் கல்யாணப் பெண் ஒருத்தியின் கதையைச் சொன்னால் மற்றது எல்லாம் அதிலேயே வந்துவிடும். நூம்பலில் வீடு, தனியார் பள்ளியில் டீச்சர். நல்ல கருப்பு, எண்ணெய் தடவிய கல் மாதிரி பளபளப்பான தோல். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கருப்பாகவும் நீளமாகவும் முடி. அம்மாவோடு கல்யாணத்துக்கு இருபத்தைந்து நாள் முன்னால் வந்தாள். அவளுக்கு ப்ளீச் வேண்டும். அம்மாவுக்கு எதுவுமே வேண்டாம். “வேக்ஸ் பண்ணா அப்புறம் ஆம்பள மாதிரி மொளைக்கும்மா. இப்ப பூனைமுடி மாதிரிதான் இருக்கு, கெடுத்துக்காத” என்றார். இன்னொரு பயமும் அவருக்கு இருந்தது. பெண் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது குரலைத் தாழ்த்தி, “இவ்ளோ முடி இருக்கே, நீர்க்கட்டியா இருக்குமோ? மாப்பிள்ள வீட்டுல எதுனா நெனப்பாங்களோ?” என்று கேட்டார்.

இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. முடியை மழித்தால் தடித்து முளைக்கும் என்பதை 1928லேயே அமெரிக்காவில் மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற பெண் விஞ்ஞானி அளந்து பார்த்து, இல்லை என்று எழுதிவிட்டார். மழித்த முடியின் நுனி வெட்டுப்பட்டு மொட்டையாக இருக்கும், அதனால் தொட்டால் குத்தும், தடித்த மாதிரி தோன்றும். வேக்ஸிங்கில் வேரோடு வருவதால் புது முடி கூரான நுனியோடுதான் வரும், குத்தாது. நீர்க்கட்டி விஷயம் அந்தத் தோல் மருத்துவர் அம்மா சொல்லி எனக்குத் தெரிந்தது. பெண்களுக்கு ஆண்கள்போல முடி வளர்கிறதா என்று பார்க்க ஃபெரிமன், கால்வே என்ற இருவர் 1961இல் ஒரு மதிப்பெண் முறை உண்டாக்கினார்கள். உடம்பில் பதினொரு இடங்களைப் பார்த்தார்கள். பிறகு அதைத் திருத்தி ஒன்பது இடமாகக் குறைத்தபோது எடுத்துவிட்ட இரண்டு இடங்கள் முன்கையும், முழங்காலுக்குக் கீழே உள்ள காலும். அந்த முடி ஆண் ஹார்மோனுக்கு அவ்வளவாகக் கட்டுப்பட்டதில்லை. குடும்பவாகில் வருவது அது. பெண்ணின் அம்மாவுடைய புடவைத் தலைப்பை விலக்கி அவர் கையையே காட்டினேன். அங்கேயும் அதே முடி, நரைத்திருந்தது. பிறகு பெண்ணிடம் தனியாகக் கேட்டேன், மோவாயில், மார்பில், தொப்புளுக்குக் கீழே கரடுமுரடாக வருகிறதா, தீட்டு தள்ளிப்போகிறதா என்று. இல்லை என்றாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் நானே அந்த டாக்டரம்மாவிடம் அனுப்பியிருப்பேன். அது பார்லரில் தீர்கிற விஷயம் இல்லை.

அவளிடம் ப்ளீச் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நம்ப மாட்டார்கள், வேறு கடைக்குப் போய்விடுவார்கள். இடது முன்கையின் வெளிப்பக்கம், முழங்கைக்குப் பக்கத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு மூன்று இடம் குறித்தேன். பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒரு சின்ன ஸ்பூன் க்ரீம், டப்பாவில் சொன்னதைவிடக் குறைவாகப் பவுடர். எவர்சில்வர் கிண்ணம், ஸ்பூன் எதையும் நான் இதற்குத் தொடுவதில்லை, உலோகம் பட்டால் பெராக்சைடு கண்டபடி வேகம் எடுக்கும். ஒரு இடத்தில் நான்கு நிமிடம், இன்னொரு இடத்தில் எட்டு நிமிடம். மூன்றாவது இடத்தில் வேக்ஸ், ஒரே ஒரு இழுப்பு. அவளுக்கு வீசிங் உண்டா என்றும் முன்னதாகவே கேட்டுக்கொண்டேன். பெர்சல்பேட் தூள் மூச்சில் போனால் ஆஸ்துமா கிளம்பும். என்னோடு அம்பத்தூரில் வேலை பார்த்த அக்கா ஒருவர் இதனாலேயே தொழிலை விட்டார்.

துடைத்தவுடன் ப்ளீச் போட்ட இரண்டு இடத்திலும் தோல் சாம்பல் பூசிய மாதிரி வெளுத்திருந்தது. பெண்ணுக்குச் சந்தோஷம். “கலரே கூடிடுச்சு அக்கா!” என்றாள். இதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். அது நிறம் கூடியது இல்லை, பெராக்சைடு பட்டதில் மேல்தோல் கொஞ்ச நேரத்துக்கு வெளிறித் தெரிவது. நான் அவளை ஒரு மணி நேரம் உட்காரவைத்தேன். அந்த வெளுப்பு போய்விட்டது. பிறகு ஜன்னலுக்குக் கூட்டிப்போனேன். நான்கு நிமிட இடத்தில் முடி துரு நிறம். எட்டு நிமிட இடத்தில் தாமிரம். அவளுடைய போனை வாங்கி, ஃப்ளாஷ் போட்டு ஒரு படம், போடாமல் ஒரு படம் எடுத்துக் காட்டினேன். ஃப்ளாஷ் படத்தில் எட்டு நிமிட இடம் ஒரு சிறு பூச்சி உட்கார்ந்த மாதிரி தனியாகத் தெரிந்தது. ப்ளீச் படாத கருப்பு முடி படத்தில் தேடினாலும் கிடைக்கவில்லை. கல்யாணத்தில் ஃப்ளாஷும் வீடியோ லைட்டும்தானே கையைப் பார்க்கப்போகின்றன.

“ரெண்டு நாள் கழிச்சு வா, அப்பதான் முடிவு பண்ணுவோம்” என்று அனுப்பினேன். சோப்பு, மஞ்சள், எலுமிச்சை எதையும் அந்த இடத்தில் தேய்க்கக் கூடாது என்று சொல்லியனுப்பினேன். மூன்றாம் நாள் வந்தாள். எட்டு நிமிட இடத்தைச் சுற்றி மெல்லிய கருவளையம், பென்சிலால் வரைந்த மாதிரி. நான்கு நிமிட இடம் சுத்தமாக இருந்தது. வேக்ஸ் செய்த இடத்தில் முதல்நாள் நாலைந்து பொடிப்பு இருந்ததாம், இப்போது எதுவும் இல்லை. அவளே சொன்னாள், “எடுத்துடலாம் அக்கா” என்று.

இப்படிச் சொல்வதால் கருப்புக் கைக்கு ப்ளீச்சே ஆகாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். முடி பஞ்சுமாதிரி மெல்லியதாக இருந்து, தோல் கரும்பழுப்பாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது. வெளுப்பதை விட்டுவிட்டுத் தோலின் நிறத்தைக் குறிவைப்பது. கருப்பு முடி கரும்பழுப்புக்கு இறங்கிய உடனே நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலும் மூன்று நிமிடம்தான், நிமிடத்துக்கு ஒரு முறை ஓரத்தில் கொஞ்சம் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் படிக்கிற ஒரு பிள்ளைக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை நான் இப்படிச் செய்கிறேன். நோயாளி வாயில் வேலை செய்யும்போது விளக்கு வெளிச்சம் கையுறைக்கு மேலே முன்கையில் விழுகிறது என்று அவளுக்கு ஒரு கூச்சம். அவளுக்கு இது பொருந்துகிறது. தடித்த முடிக்கு இது பொருந்தாது. கரும்பழுப்பும் செம்பழுப்பும் தடித்த முடியில் அடுத்தடுத்துச் சட்டென்று வந்துவிடும், நிறுத்துவதற்கு இடமே கிடைக்காது. அப்படி நிறுத்தினாலும், முடி வளர வளர வேரில் புதுக் கருப்பு வரும். வேர் தோலோடு மறைந்துகொள்ளும், வெளுத்த நுனி மட்டும் அந்தரத்தில் மிதக்கும். கோதுமை நிறக் கையில் கருத்த வேர் தெரியும், நம் கையில் வெளுத்த நுனி தெரியும். டப்பாவில் இதை யாரும் எழுதவில்லை.

டீச்சருக்கு வேக்ஸிங் என்று முடிவானதும் நாளைப் பார்த்தோம். கல்யாணம் ஞாயிறு காலை, சனி சாயங்காலம் ரிசப்ஷன், வெள்ளி காலையில் நலங்கு, வியாழன் இரவு மெஹந்தி. நலங்கில் சந்தனமும் மஞ்சளும் முழங்கைவரை பூசுவார்கள். அன்றுதான் வேக்ஸ் செய்த கை என்றால் எரியும். ப்ளீச் போட்ட கையாக இருந்திருந்தால் அதைவிட மோசம். வெளுத்த முடி வறண்டு, நுண்ணிய துளைகளோடு இருக்கும், மஞ்சளை உறிஞ்சிக்கொண்டு பளீரென்று நிற்கும். இதை நான் ஒரு பெண்ணின் கையில் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் கழித்தும் போகவில்லை. மெஹந்திக்குப் பிறகு வேக்ஸ் செய்யவும் முடியாது, சாயம் ஏறிய மேல்தோலையும் சேர்த்து இழுத்துவிடும். மெஹந்தி கோனில் கலக்கிற நீலகிரித் தைலம் புதிதாக வேக்ஸ் செய்த தோலைக் குத்தும். ஆகவே செவ்வாய்க்கிழமை. மெஹந்திக்கு இரண்டு நாள் இடைவெளி.

செவ்வாய் வந்தவுடன், தோலுக்கு என்னென்ன பூசுகிறாள் என்று மறுபடியும் கேட்டேன். முதல் தடவை இல்லை என்றவள் இப்போது தயங்கி, முகத்துக்கு மட்டும் இரவில் ஒரு க்ரீம் என்றாள். போட்டோ காட்டினாள். மெடிக்கலில் வாங்கிய ஸ்டீராய்டு கலந்த க்ரீம். கையில் பூசவில்லை என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அந்த மாதிரி க்ரீம் பூசிய தோல் காகிதம்போல மெலிந்திருக்கும், ஸ்ட்ரிப்போடு தோலும் வரும். நாள்பட்டால் பூசிய இடத்தில் முடியும் கூடுதலாக வளரும். முகத்துக்கும் அதை டாக்டரைப் பார்க்காமல் பூசக் கூடாது, அவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது என்று சொல்லி டாக்டரம்மாவின் நேரத்தை எழுதிக்கொடுத்தேன். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நான் வேக்ஸே செய்வதில்லை. மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் ஆகட்டும் என்று அனுப்பிவிடுவேன்.

முடியின் நீளம் அரை சென்டிமீட்டருக்கு மேலே இருந்தது, அது போதும். அதற்குக் குறைவாக இருந்தால் வேக்ஸ் பிடிக்காது, முடி நடுவில் முறியும். முறிந்த முடிதான் தோலுக்குள்ளே சுருண்டு, கருப்புப் பொட்டுகளாக மாறுவது. கையைச் சோப்பு இல்லாமல் துடைத்து, நன்றாக உலரவிட்டு, பவுடரை லேசாகத் தூவினேன். சென்னை வேர்வையில் பவுடர் இல்லாமல் சர்க்கரை வேக்ஸ் பிடிக்கவே பிடிக்காது. தை மாதம்கூட நான் ஃபேனை நேராக வைத்துத்தான் வேலை செய்வேன். வேக்ஸ் சூட்டை முதலில் என் மணிக்கட்டின் உட்பக்கத்தில் பார்த்தேன். ஸ்பாச்சுலாவிலிருந்து தேன்போல ஒரே கம்பியாக இறங்க வேண்டும். தண்ணீர்போல ஓடினால் சூடு அதிகம், சுட்டுவிடும். சுட்டால் கருப்புத் தோலில் பட்டையாகப் படை விழும், ஸ்ட்ரிப்பின் அகலத்தில் கோடு போட்ட மாதிரி.

முன்கை முடி நேராக மணிக்கட்டைப் பார்த்து வளர்வதில்லை. மேல்பக்கத்திலிருந்து சுண்டுவிரல் ஓரத்தை நோக்கிச் சாய்ந்து போகும். இதைக் கவனிக்காமல் எல்லாருக்கும் மேலிருந்து கீழாகப் பூசி, கீழிருந்து மேலாக இழுக்கிறார்கள். பாதி முடி முறிந்துவிடும். நான் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முடி போகிற திசையில் மெல்லியதாகப் பூசி, ஸ்ட்ரிப்பை இரண்டு தடவை அழுத்தித் தேய்த்து, மற்றக் கையால் தோலை இறுகப் பிடித்துக்கொண்டு எதிர்த் திசையில் இழுப்பேன். மேலே தூக்கி இழுக்கக் கூடாது, தோலை ஒட்டினாற்போலவே இழுக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இழுப்புக்கு மேல் கிடையாது. விட்டுப்போன ஐந்தாறு முடியை ட்வீஸரால் எடுத்தேன். முழங்கை மடிப்பை விட்டுவிட்டேன், அங்கே தோல் மெலிது. ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு உள்ளங்கையை அந்த இடத்தில் அழுத்தி வைத்தேன். வலி குறையும், சூடும் எனக்குத் தெரியும்.

இரண்டு கைக்கும் நாற்பது நிமிடம் ஆனது. தொழிலில் இருக்கிற சின்னப் பெண்கள் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள், நான் அப்படிச் செய்வதில்லை. முடிந்ததும் குளிர்ந்த ஈரத்துணி பத்து நிமிடம், அதன்மேல் வாசனை இல்லாத கற்றாழை ஜெல். கருப்புத் தோல் வேக்ஸிங்குக்குப் பிறகு உலர்ந்தால் சாம்பல் படிந்த மாதிரி தெரியும், ஆனாலும் அன்றைக்கே தேங்காய் எண்ணெய் போட வேண்டாம் என்றேன், திறந்த துளைகளை அடைத்துப் பொடிப்புக் கிளப்பும். அடுத்த நாள் ராத்திரியிலிருந்து போடலாம். ஒரு நாளுக்கு வெந்நீர், வெயில், இறுக்கமான சட்டைக்கை மூன்றும் கூடாது. பள்ளிக்கூடத்துக்குத் தளர்ந்த பருத்திக் குர்தா போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

மழிப்பதையும் முடியெடுக்கும் க்ரீமையும் பற்றிப் பலரும் கேட்பார்கள். க்ரீம் முடியைக் கரைக்கிற அதே வேலையைத் தோலின் மேல்பக்கத்திலும் கொஞ்சம் செய்யும், கருப்புக் கையில் அதை நான் விரும்புவதில்லை. மழிப்பது மோசமில்லை. புது பிளேடு, நுரை, முடி போகிற திசை, இவை இருந்தால் படை விழுவது அரிது. மூன்றாம் நாள் சொரசொரக்கும், அவ்வளவுதான். லேசர் போகப்போகிற பெண்களுக்கு நானே மழிக்கத்தான் சொல்கிறேன். வேரில் இருக்கிற கருப்பைத்தான் லேசர் தேடும், வேக்ஸ் செய்து வேரைப் பிடுங்கிவிட்டால் அதற்குத் தேட ஒன்றும் இருக்காது. கருப்புத் தோலுக்கு என்.டி. யாக் என்கிற 1064 நானோமீட்டர் லேசர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போகச் சொல்வேன். அது தோலின் நிறமியை அதிகம் சுடாமல் ஆழத்துக்குப் போகும். இன்னும் சிலருக்கு நான் செய்வது வெறும் ட்ரிம்மிங். முடியை மூன்று மில்லிமீட்டருக்குக் குறைத்தால் கருப்புக் கையில் அது நிழல்போலத்தான் தெரியும். ஆறு மாதம் என்னிடம் ப்ளீச் கேட்டு வந்த ஒருவர் இப்போது இதோடு நிம்மதியாக இருக்கிறார். எதுவும் செய்யாமல் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. ஜன்னலோரம் கையை நீட்டி, முடி எங்கே என்று அவர்களே தேடியவர்கள்.

டீச்சரின் கல்யாணம் திருவேற்காட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. நான்தான் மேக்கப்பும் செய்தேன். முகூர்த்தத்துக்கு முன்னால் வளையல் அடுக்கும்போது அவள் கையை விரல் பின்பக்கத்தால் தொட்டுப் பார்த்தேன், பழக்கதோஷம். குளிர்ச்சியாக, வழவழப்பாக இருந்தது. எட்டு நிமிட ப்ளீச்சின் கருவளையம் மட்டும் முழங்கைக்குப் பக்கத்தில் இன்னும் இருந்தது. ரவிக்கைக் கை அதற்கு மேலேயே முடிந்துவிட்டது. மேக்கப்பால் மறைக்கட்டுமா என்று கேட்டேன். யாரும் பார்க்க மாட்டார்கள், விடுங்கள் என்றாள்.

ஐந்து வாரம் கழித்து மாசி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் மாமியாரோடு வந்தாள். ஜன்னலோரம் போய்த் தானாகவே கையை நீட்டினாள். பாதி முடி வந்திருந்தது, கூர்நுனியோடு மெலிதாக. கைமுடி எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை, தூங்குகிற வேர்கள் பின்னால்தான் எழுந்திருக்கும். இடது மணிக்கட்டுக்கு மேலே இரண்டு கருப்புப் பொட்டு, உள்ளே சுருண்ட முடி. நான் முறித்த முடிகளாகத்தான் இருக்க வேண்டும். கிள்ளாதே, குளிக்கும்போது ஈரத் துண்டால் வாரம் இரண்டு முறை லேசாகத் தேய், தானாக வெளியே வரும் என்றேன். கருவளையம் பாதியாக மங்கியிருந்தது. இந்தத் தடவை வேக்ஸ் வேண்டாம், வளரட்டும், பங்குனியில் நாத்தனார் கல்யாணத்துக்கு முன்னால் வருகிறேன் என்றாள். கல்யாணத் தேதியைக் கேட்டு, அதற்கு ஐந்து நாள் முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமையை நோட்டில் குறித்துக்கொண்டேன். கூட வந்த மாமியார் எழுந்து ஜன்னல் பக்கம் வந்து, “எனக்கும் ஒரு தடவ பாத்து சொல்லும்மா” என்று வளையலை மேலே தள்ளிக் கையை நீட்டினார்.